பெட்டி பேசாத மதியம்

என் அண்ணி கேமராவுக்கு முன்னால் ஒரு தமிழ் பேசுவாள், கேமரா அணைந்த பிறகு வேறொரு தமிழ் பேசுவாள். "வணக்கம் சகோதரிகளே, இன்றைய கலெக்‌ஷனைப் பார்க்கலாமா?" என்று தேன் ஒழுகக் கேட்ட அதே வாய், லைவ் முடிந்த மறு நொடி, "ஏய், அந்த ஃபேனைப் போடு, ஆவியில வெந்துகினு கீறேன்" என்று கத்தும். லைவ் நடக்கும்போது ஃபேன் போடக்கூடாது, புடவை பறக்கும், சத்தமும் மைக்கில் விழும். அம்பத்தூரில் மாடி அறை, மேலே தகர ஷீட், மதியம் மூன்று மணி. அந்த வேக்காட்டிலும் சிரித்துக்கொண்டே நிற்க ஒரு தனித் திறமை வேண்டும். அது அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை. அதனால்தான் அவள் கேமராவுக்கு முன்னால் நின்றாள், நான் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் அண்ணன் மனைவி. என்னைவிட ஒரே வயது மூத்தவள், அதனால் எங்களுக்குள் வா, போதான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தையல் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, "சும்மா ஊட்ல குந்திகினு இன்னா பண்ணப்போற, வா" என்று கூப்பிட்டவள் அவள்தான். காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கொரட்டூரில் ரயில் ஏறி வந்துவிடுவேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரிங் லைட்டில் பொருத்திய போனில் அண்ணி புடவையை விரித்துக் காட்டுவாள். ஒவ்வொரு புடவைக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு, ஏ பதினான்கு, பி ஏழு என்று சீட்டில் எழுதிக் குத்தியிருக்கும். பார்க்கிறவர்கள் அந்த நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். அந்த எண் இருக்கும் போன் என் கையில். ஒரே பீஸ் இருந்தால் முதலில் அனுப்பியவருக்குத்தான். "இருக்கு" என்று பதில் போட்டு, க்யூஆர் படத்தையும் அனுப்புவேன். பத்து நிமிடத்துக்குள் பணம் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பணம் போட்டுவிட்டேன் என்று அவர்கள் அனுப்பும் படத்தை நான் நம்பமாட்டேன். படத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எங்கள் கணக்கில் பணம் விழுந்ததா என்றுதான் பார்ப்பேன்.

அதற்கு ஒரு சவுண்ட் பாக்ஸ் வைத்திருந்தோம். டீக்கடையிலும் காய்கறிக் கடையிலும் இருக்குமே, அதே பெட்டி. மற்ற லைவ்காரர்கள் அதன் சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். அண்ணி அதை வேண்டுமென்றே மைக்கின் அருகில் வைத்தாள். "அறுநூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொல்லும்போது, பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களுக்கு, ஐயோ யாரோ எடுத்துவிட்டார்களே என்று பதறும். அந்தப் பதற்றத்தில்தான் வியாபாரம். பெட்டி பேசியதும் நான் சீட்டில் கோட் நம்பரை எழுதி ரிங் லைட்டுக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டுவேன். அண்ணி ஓரக்கண்ணால் படித்து, "பி ஏழு போயிடுச்சு சகோதரிகளே" என்பாள். மைக் இருப்பதால் நான் வாய் திறக்கக்கூடாது. இரண்டு வருடம் இப்படித்தான், அவள் வாயாலும் நான் அட்டையாலும் பேசிக்கொண்டிருந்தோம்.

அதைக் கெடுத்தது ஒரு யோசனை. ஆவடியில் நைட்டி லைவ் போடுகிற ஒருத்தி அண்ணியிடம் சொன்னாளாம், கமெண்ட் ஓடிக்கொண்டே இருந்தால்தான் லைவ் நாலு பேருக்குப் போகும், எல்லோரும் சத்தமில்லாமல் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டால் லைவ் செத்துவிடும் என்று. சொன்னது பொய்யும் இல்லை. அடுத்த வாரமே அண்ணி முறையை மாற்றினாள். புடவை பிடித்தால் கோட் நம்பரையும் உங்கள் போன் நம்பரையும் கமெண்டில் போடுங்கள், நாங்களே உங்களை வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்கிறோம் என்று அறிவித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. பொம்பளைகள் போன் நம்பரை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதச் சொல்வதும், ரயில்வே ஸ்டேஷன் சுவரில் எழுதி வைப்பதும் ஒன்றுதான் என்றேன். "நீ எதுக்கெடுத்தாலும் பயந்து சாவு" என்றாள். வழக்கம் போலக் கணக்குப் பார்த்தால் அவள் பக்கம்தான் ஜெயித்தது. நூறு பேர் பார்த்த இடத்தில் இருநூறு பேர் பார்த்தார்கள். கமெண்ட் மழையாகக் கொட்டியது. நான் ஒவ்வொரு நம்பராக எடுத்து, சேமித்து, மாடிப்படிக்குப் போய்க் கூப்பிட்டு, க்யூஆர் அனுப்பி, விரல் வீங்கிப் போனேன்.

முதல் உறுத்தல் அந்த மாதமே வந்தது. ஒரு அம்மாவைக் கூப்பிட்டேன். "இப்பதானம்மா பேசினீங்க, எத்தினி வாட்டி பேசுவீங்க" என்று சலித்துக்கொண்டு வைத்துவிட்டார். நான் பேசவில்லை. அண்ணியிடம் சொன்னேன். மூன்று லைவை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், வேறு கடைக்காரி பேசியிருப்பாள் என்றாள். அதுவும் நடக்கிறதுதான். ஆனாலும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். ஒருத்தி புடவை வரவில்லை என்று திட்டினாள், பணம் வந்த கணக்கில் அவள் பெயரே இல்லை. எங்கோ ஓட்டின் மேல் பூனை நடக்கிற மாதிரி, சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை.

இப்போது எங்கள் வாடிக்கை அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநின்றவூரில் வீடு, எஸ்டேட்டில் போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை. முதல் ஷிஃப்ட் முடித்து ரயிலில் போகும்போது எங்கள் லைவ் பார்ப்பார். ப்ரொஃபைலில் அம்மன் படம் வைத்திருப்பார். மாதம் ஒரு புடவை எடுப்பார், பேரம் பேசமாட்டார், நான் க்யூஆர் அனுப்புவதற்கும் பெட்டி பேசுவதற்கும் இடையில் மூச்சு விட நேரம் இருக்காது. அவ்வளவு வேகம். ஆடி பிறக்கும் முன்பே அவர் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். அவரையும் சேர்த்து அவருடைய லைனில் வேலை செய்கிற பெண்கள் எட்டுப் பேரும் கூழ் ஊற்றும் நாளில் ஒரே மஞ்சளில் புடவை கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள், தான் எல்லோரிடமும் பணம் வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல மஞ்சளாக எட்டு கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அவர்களில் இரண்டு பேர் சம்பளத்தில் முன்பணம் வாங்கிக் கொடுத்தார்களாம், அதையும் சொல்லியிருந்தார்.

அண்ணி அலைந்து திரிந்து மொத்தக் கடையில் அந்த மஞ்சளைப் பிடித்தாள். அசல் மஞ்சள் கிழங்கை உரசின நிறம், மெல்லிய அரக்கு பார்டர். பார்த்ததும் நான் சொன்னேன், அந்த அக்காவுக்குப் படம் அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று. அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை.

"வெள்ளிக்கெயம லைவ்ல காட்றேன், கமெண்ட்ல போடச் சொல்லு. ஒரே ஆளு எட்டு பீஸுன்னு நாலு பேரு பாக்கட்டும். அப்பதான் மத்தவளுங்களும் கூட்டு சேத்துகினு எடுப்பாளுங்க."

நானும் அந்த அக்காவுக்கு அப்படியே சொன்னேன். அதுக்கின்னாமா, போட்டுடறேன் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு கூட்டம் எங்களுக்கு வந்ததே இல்லை. ஆடித் தள்ளுபடி என்று போட்டிருந்தோம். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. அண்ணியின் முகத்தில் ஒரு களை வந்தது. முதல் புடவையை விரித்தாள், கமெண்டில் நம்பர்கள் ஓடின. இரண்டாவது விரித்தாள். நான் முதல் நம்பரைக் கூப்பிட்டேன், பிஸி. இரண்டாவதைக் கூப்பிட்டேன், பிஸி. வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன், பதில் இல்லை. அதற்குள் கமெண்டில் ஒருத்தி எழுதினாள், "பெய்டு அக்கா". இன்னொருத்தி, "பணம் போட்டாச்சு சிஸ்". அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று.

பெட்டி பேசவில்லை.

நெட் பிரச்சினையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது. கணக்கைத் திறந்து பார்த்தேன், காலையில் காய்ந்த மாதிரியே காய்ந்து கிடந்தது. அண்ணி நிமிர்ந்து நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள், சீட்டு எங்கே என்று புருவத்தால் கேட்கிறாள். கமெண்டில் பணம் போட்டேன், பணம் போட்டேன் என்று ஓடுகிறது. என் சொந்தப் போனை எடுத்து எங்கள் க்யூஆருக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன்.

"ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி கணீரென்று சொன்னது.

லைவ் முழுக்கக் கேட்டது அது. அண்ணி சிரித்துச் சமாளித்தாள், யாரோ ஒரு சகோதரி மொய் வைத்திருக்கிறார்கள் என்றாள். கமெண்டில் சிரிப்புப் பொம்மைகள் ஓடின. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டி நன்றாக இருக்கிறது. கணக்கு நன்றாக இருக்கிறது. பணம்தான் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

மாடிப்படிக்கு ஓடிப்போய் இன்னொரு நம்பரைப் போட்டேன். இந்த முறை எடுத்தார்கள். கடையிலிருந்து என்றதும், "அனுப்பிட்டேனே, நீங்கதான வாட்ஸ்அப்ல நம்பர் குடுத்தீங்க, உங்க கடை போட்டோதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். எந்த நம்பர் என்று கேட்டேன். அவள் படித்துச் சொன்ன நம்பர் எங்களுடையது இல்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ எங்கள் லைவை எங்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணி கோட் நம்பர் சொன்னதும், ஒரு பெண் நம்பர் எழுதியதும், என் விரல் அந்த நம்பரைத் தொடுவதற்குள் அவர்கள் கூப்பிட்டுவிடுகிறார்கள். எங்கள் படம், எங்கள் கோட் நம்பர், எங்கள் விலை. ஒருவர் இல்லை, பல பேராக இருக்க வேண்டும். அத்தனை நம்பரும் ஒரே நேரத்தில் பிஸியாக இருந்தது அதனால்தான்.

திரும்பி ஓடி வந்தேன். ரவிக்கைத் துணி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: நம்ம பேர்ல வேற யாரோ பணம் வாங்கறாங்க. லைவை நிறுத்து.

ரிங் லைட்டுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். அண்ணி பார்த்தாள். நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறேன், அவள் படித்தாள். முதல் வரியில் கண் ஓடியது, இரண்டாவது வரிக்கு இறங்கியது. ஒரு நொடி முகம் செத்தது. பிறகு கண்ணைக் கேமராவுக்குத் திருப்பி, அவளுடைய அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

"அடுத்தது பாருங்க சகோதரிகளே" என்றாள்.

எனக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. அட்டையை ஆட்டினேன். அவள் இந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு பச்சைப் புடவை காட்டினாள். ஒரு ஊதா காட்டினாள். பிறகு குனிந்து, மேஜைக்குக் கீழிருந்து அந்த மஞ்சளை எடுத்தாள். ஆடிக்கென்றே பார்த்துப் பார்த்து எடுத்தது, எட்டே எட்டு பீஸ், கோட் நம்பர் எம் எட்டு என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் அம்மன் படம் கமெண்டில் வந்துவிட்டது. எம் எட்டு, எட்டு பீஸும், போன் நம்பர். அந்த அக்காவின் வேகம்தான் தெரியுமே.

கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன். பிஸி. வாட்ஸ்அப்பில், அக்கா பணம் போடாதீங்க, போடாதீங்க என்று அடித்து அனுப்பினேன். ஒரு டிக்கோடு நின்றது. ரயிலில் இருக்கிறார், சிக்னல் வந்து வந்து போகும் இடம். அண்ணி மஞ்சளைத் தோளில் போட்டுக்கொண்டு, பாருங்க, முகத்துக்கே ஒரு வெளிச்சம் வருது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

லைவ் உறைந்து நின்றது. அண்ணி என் மேல் பாய்வாள் என்று நினைத்தேன். பாயவில்லை. மஞ்சளை மடித்துக்கொண்டே, "சொல்லத்தான் போறேன், நீ ஏன் ஒயர புடுங்கின" என்றாள், மிக மெதுவாக.

பிறகு போன் டேட்டாவில் புதிதாக லைவ் போட்டோம். அண்ணி கைகூப்பி எல்லாவற்றையும் சொன்னாள், யாரும் பணம் போடாதீர்கள், எங்கள் எண் இது ஒன்றுதான், போட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள் என்றாள். பார்த்தவர்கள் இருபது பேர் இருக்கலாம். முந்நூறு பேர் திரும்பி வருவார்களா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சாயங்காலம் முழுக்க நான் கமெண்டில் இருந்த நம்பர்களைக் கூப்பிட்டேன். புகாரைப் பணம் இழந்தவர்தான் கொடுக்க வேண்டும், சீக்கிரம் கொடுத்தால் பணத்தைப் பிடித்து நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் அழுதார்கள். பலர் என்னையே திருடி என்று நினைத்து வைத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களிடம் அன்றைக்கு இரண்டு பேர் "கடையிலிருந்து பேசுகிறோம்" என்று பேசியிருக்கிறார்கள், எவர் நிஜம் என்று எப்படித் தெரியும். அண்ணியும் அண்ணனும் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அந்த அக்கா மட்டும் போனை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்தார். எங்கள் கூரியர் கவரில் அனுப்புநர் முகவரி இருக்கும், அதைக் கிழித்துக் கையில் வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், கூந்தலை இறுக்கி முடிந்த சின்ன உருவம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன், கேட்டுக்கு வெளியே இன்னும் சில பெண்கள் நிழலில் நின்றிருந்தார்கள். அண்ணாந்து இந்த மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணி தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். பணம் போடும்போது யாரோ ஒரு ஆம்பளை பெயர் காட்டியதாம், கேட்டாராம், ஓனர் வீட்டுக்காரர் கணக்கு என்றார்களாம். நீ பொம்பளை, உனக்கு வீட்டுக்காரர் இருப்பார்தானே, நம்பிட்டேன் என்றார். புகார் கொடுத்திருக்கிறார். பணம் விழுந்த கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணி உடனே, எங்களுக்கும் தெரியாதுக்கா, எங்களையும்தான் ஏமாத்திட்டாங்க, நாங்க எங்க போய் முட்டிக்கிறது என்று ஆரம்பித்தாள். கேமராத் தமிழும் இல்லை, வீட்டுத் தமிழும் இல்லை, நடுவில் ஒரு தமிழ்.

"நான் சண்டைக்கி வர்லம்மா. ஒன்னே ஒன்னு கேட்டுட்டு போறேன்" என்றார் அந்த அக்கா.

போனை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். ஒயர் பிடுங்கியதோடு நின்றுபோன அந்த லைவ், எங்கள் லைவ் பேஜில் அப்படியே பதிவாகி இருந்தது. எங்களுக்கு அதை அழிக்கத் தோன்றவில்லை. சரியான எண்ணைச் சொல்லியிருக்கிறோம் என்பதற்கு அதுவே சாட்சி என்று அண்ணன் வேறு சொல்லியிருந்தான். அந்த அக்கா அதை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். எத்தனை முறை பார்த்திருந்தால் அவ்வளவு சரியாக நிறுத்த வரும்.

திரையில் அண்ணி. பக்கவாட்டில் பார்க்கிறாள். கண் ஒரு வரியில் ஓடி, அடுத்த வரிக்கு இறங்குகிறது. முகம் செத்துப்போகிறது. பிறகு சிரிக்கிறாள்.

"இங்க இன்னாத்த படிச்ச?" என்றார்.

அண்ணி மணி பார்த்ததாகச் சொன்னாள். அந்த அக்கா அந்தச் சுவரைப் பார்த்தார். அங்கே கடிகாரம் இல்லை, நான் உட்காரும் கோரைப்பாய்தான் இருந்தது. அண்ணியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நீதான அங்க குந்தியிருப்ப?"

அண்ணி என்னைப் பார்க்கிறாள் என்று தெரியும். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அட்டையில் என்ன எழுதினேனோ அதை அப்படியே சொன்னேன். இதை நான் ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. அந்த அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"அத படிச்சிட்டுதான் மஞ்சள எடுத்தியா?"

அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள், "முன்னூறு பேரு பாத்துகினு இருந்தாங்கக்கா. எனக்கு எப்பவும் அவ்ளோ பேரு வந்ததே இல்ல. சொன்னா ஓடிப் போயிடுவாங்கன்னு… இன்னும் ரெண்டு புடவ காட்டிட்டு சொல்லிக்கலாம்னு நெனச்சிட்டேன்."

அழுதாள். நிஜமான அழுகைதான். எனக்கு அவள் மேல் ஆத்திரமும் இருந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்தச் சூட்டில் இரண்டு வருடமாகச் சிரித்துச் சிரித்துக் கூட்டிய கூட்டம் அது. அதற்காக ஒரு பொம்பளையை விட்டுக்கொடுத்தாள் என்பதும் உண்மை.

எட்டு மஞ்சளும் கட்டாக அலமாரியில் இருந்தது. அண்ணி எழுந்துபோய் எடுத்து வந்து, பணம் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று மடியில் வைத்தாள். அந்த அக்கா கட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாக எண்ணி ஏழை எடுத்துப் பையில் வைத்தார். ஒன்றை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்து, மடிப்பைக் கையால் நீவிவிட்டார்.

"அவங்க துட்டு குடுத்தவங்க, அவங்க கட்டிக்கட்டும். எனுது எனக்கு வேணாம்."

அவ்வளவுதான். படி இறங்கிப் போய்விட்டார். கீழே நின்ற பெண்கள் பையை வாங்கிப் பார்த்தார்கள். அவர்களில் யாரும் பிறகு மேலே பார்க்கவில்லை.

அண்ணி இரண்டு வாரம் லைவ் போடவில்லை. மறுபடி ஆரம்பித்தபோது பழைய முறைக்கே வந்துவிட்டோம். கமெண்டில் நம்பர் போடாதீர்கள் என்று ஒவ்வொரு புடவைக்கும் ஒரு முறை சொல்வாள். எங்கள் எண்ணைப் பின்னால் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினோம். யூபிஐ பின் நம்பர் போடும் முன் கடை பெயர் காட்டுகிறதா என்று பாருங்கள், பெட்டி சொன்னால்தான் பணம் எங்களுக்கு வந்ததாக அர்த்தம் என்பாள். பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் பெட்டி பேசியது. அது ஒவ்வொரு முறை பேசும்போதும் எனக்கு ஒரு மூச்சு இறங்கும்.

முதல் நாளே கவனித்தேன், அந்த அக்காவின் அம்மன் படம் லைவுக்குள் வந்தது. நாங்கள் வணக்கம் சொன்ன உடனேயே வந்து, முடிகிற வரைக்கும் இருந்தது. கமெண்ட் இல்லை, ஆர்டர் இல்லை. மறுநாளும் வந்தது. தினமும் வந்தது. அண்ணி கண்டும் காணாத மாதிரி பேசிக்கொண்டே போவாள், ஆனால் அந்தப் பெயர் வந்தவுடன் அவள் குரல் கொஞ்சம் இறங்குவதை நான் கேட்பேன். பிளாக் பண்ணிவிடலாமா என்று ஒருநாள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, வேண்டாம் என்றாள். அந்த ஒற்றை மஞ்சள் அலமாரியின் மேல் தட்டில் கிடந்தது. அவள் அதை லைவிலும் காட்டவில்லை, கட்டவும் இல்லை.

கூழ் ஊற்றி முடிந்து, ஆவணியும் பிறந்துவிட்டது. ஒரு மதியம் பெட்டி பேசியது. நான் வழக்கம் போலச் சீட்டை எழுதித் தூக்கிக் காட்டினேன். அண்ணி வழக்கம் போல ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரு நொடிகூட இருக்காது.

கமெண்டில் அம்மன் படம் வந்தது. "அங்க இன்னா பாக்கற?"

அண்ணி பேசிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது. அதைப் படித்த வேறு ஒருத்தி எழுதினாள், "ஆமா சிஸ், அடிக்கடி அந்தப் பக்கம் பாக்கறீங்க, அங்க யாரு?" இன்னொருத்தி, "என்ன எழுதிக் காட்றாங்க?" புடவையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேள்விகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன.

அண்ணி கையை நீட்டி என்னிடமிருந்து சீட்டை வாங்கினாள். கேமராவுக்கு அருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். பி ஏழு போயிடுச்சு, அதுதான் எழுதியிருந்தது, வேறொன்றும் இல்லை. அவ்வளவு கிட்டே பிடித்ததில் எழுத்து திரையில் தெளியவே இல்லை.